என்ட்ரோபியா, சிதறமா? வெப்ப இயக்கவியல் பாடத்தைத் தமிழாக்க நான்கு வழிகள்

தமிழ்வழியில் பொறியியல் சொல்லித்தரும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, கார்னோ சுழற்சி, என்ட்ரோபி, பயனுறுதிறன் எல்லாம் வரும் பாடத்தைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் போடுவதா, ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவதா, இல்லை இரண்டையும் கலப்பதா? மெக்கானிக்கல் துறையில் அந்தப் பாடத்தைச் சில ஆண்டுகள் எடுத்தவன், தமிழில் இரண்டு முறை எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் முறை எழுதியதைத் தூக்கிப் போட்டேன். அந்தக் கதையும் நடுவில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, மாணவர் பள்ளியிலிருந்து எந்தச் சொல்லோடு வருகிறார்? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் தமிழில் படித்தவருக்கு வெப்பநிலை மாறா நிகழ்வு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு, மீள் நிகழ்வு, வெப்ப ஏற்பி, பயனுறுதிறன் ஆகியவை பழக்கமான சொற்கள். என்ட்ரோபியை அவர் என்ட்ரோபி என்றுதான் படித்திருப்பார். இலங்கையில் உயர்தர வேதியியல் படித்தவருக்கு அதே சாமான் எந்திரப்பி. அவர் எந்திரத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இரண்டாவது, அந்தச் சொல் குட்டி போடுமா? பொறியியலில் என்ட்ரோபி தனியாக வருவதில்லை. என்ட்ரோபி மாறாத நிகழ்வு, என்ட்ரோபி உருவாக்கம், ஒரு கிலோவுக்கான என்ட்ரோபி, டர்பைனின் ஐசென்ட்ரோபிக் பயனுறுதிறன் என்று குடும்பத்தோடு வரும். முதல் பக்கத்தில் அழகாக நிற்கும் சொல் ஒன்பதாம் பக்கத்தில் வேற்றுமை உருபும் அடைமொழியும் ஏறியதும் முறிந்துவிடக் கூடாது.

மூன்றாவது, கடினமான இடத்தில் சொல் தவறான படத்தைக் காட்டுமா? எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

நான்காவது, பாடத்துக்கு வெளியே மாணவர் சந்திக்கப்போகும் காகிதங்களோடு அது ஒட்டுமா? நீராவி அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கிறது. கேட் தேர்வு ஆங்கிலத்தில்தான். நேர்முகத் தேர்வில் கேட்கிறவரும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லில்தான் கேட்பார்.

ஐந்தாவது, எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் எவ்வளவு நேரம் தின்னும்?

## உரசிப் பார்க்க ஒரு கணக்கு

வெறும் சொல்லை வைத்துப் பேசினால் எந்த வழியும் நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். நான்கு வழிகளையும் இதில் உரசலாம்.

காற்றைச் செயல்படு பொருளாகக் கொண்ட ஒரு கார்னோ இயந்திரம். வெப்ப மூலம் 600 K, வெப்ப ஏற்பி 300 K. ஒரு சுழற்சிக்கு மூலத்திலிருந்து 1200 kJ எடுக்கிறது.

முதல் கட்டம், 600 K-இல் வெப்பநிலை மாறாமல் காற்று விரிகிறது. 1200 kJ உள்ளே வருவதால் அதன் என்ட்ரோபி 1200/600, அதாவது 2 kJ/K கூடுகிறது. இரண்டாம் கட்டம், வெப்பம் வராமலும் போகாமலும் மேலும் விரிந்து 300 K-க்குக் குளிர்கிறது. மீள் நிகழ்வு என்பதால் என்ட்ரோபி அப்படியே நிற்கிறது. மூன்றாம் கட்டம், 300 K-இல் அமுக்கப்படுகிறது. என்ட்ரோபி 2 kJ/K இறங்க வேண்டும் என்பதால் 300 × 2 = 600 kJ வெளியே போகிறது. நான்காம் கட்டம், வெப்பப் பரிமாற்றமின்றி மறுபடி அமுக்கப்பட்டு 600 K-க்குத் திரும்புகிறது. நிகர வேலை 1200 − 600 = 600 kJ. பயனுறுதிறன் பாதி.

```
η = 1 − T_c/T_h = 1 − 300/600 = 0.5
```

இதில் இரண்டாம் கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காற்றுக்கு γ 1.4 என்று எடுத்தால், 600 K-இலிருந்து 300 K-க்கு இறங்கும்போது கன அளவு 2-இன் 2.5 அடுக்கு, அதாவது ஏறத்தாழ 5.7 மடங்காகிறது. ஐந்தரை மடங்குக்கு மேல் பரந்துவிட்ட காற்று, ஆனால் என்ட்ரோபி ஒரு துளிகூட மாறவில்லை. மொழிபெயர்ப்பின் சொல்தேர்வு தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

## வழி ஒன்று: எல்லாவற்றுக்கும் தமிழ்

என் முதல் முயற்சி இதுதான். என்ட்ரோபிக்குச் சிதறம், என்தால்பிக்கு வெப்ப உள்ளுறை, பிறகு சமவெப்ப நிகழ்வு, மாறாவெப்ப நிகழ்வு என்று முழுக்கத் தமிழ். படிக்க நன்றாக ஓடியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வகுப்பில் இரண்டாம் கட்டத்தைக் கேட்டேன். "காற்று விரியுது, அப்ப சிதறம் என்ன ஆகும்?" முக்கால்வாசிப் பேர் கூடும் என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. சிதறுவது என்றால் பரவுவது. காற்று 5.7 மடங்கு பரவியிருக்கிறது. சொல் அவர்களைக் கையைப் பிடித்துத் தவறான விடைக்கு அழைத்துப் போய்விட்டது. ஒழுங்கின்மை, சீர்குலைவு என்று போட்டாலும் இதே கதைதான். இடத்தில் பரவல் கூடியது உண்மை, ஆனால் காற்று குளிர்ந்ததால் மூலக்கூறுகளின் வேகங்களில் பரவல் குறைந்தது, இரண்டும் சரிக்குச் சரி ஈடாகிவிட்டன என்பதுதான் விளக்கம். அந்தச் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் பெயரை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் புரியவைப்பது கரடுமுரடான வேலை.

இங்கே ஒரு பழைய கதை உதவும். கார்னோ தன் நூலை வெளியிட்டது 1824-இல். வெப்பம் ஒரு பாய்மம் என்ற நம்பிக்கையில்தான் அவர் எழுதினார். என்ட்ரோபி என்ற பெயரைக் கிளாசியஸ் 1865-இல் தான் உருவாக்கினார். மாற்றம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து, எனர்ஜி என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போகும்படி வேண்டுமென்றே செதுக்கினார். அதில் சிதறலும் கிடையாது, ஒழுங்கின்மையும் கிடையாது. அந்த விளக்கங்கள் பின்னால் மூலக்கூறுகளின் புள்ளியியலோடு வந்தவை. ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் பொருள் தெரியாத ஒரு பெயராகவே அது வந்தது. நாம் மட்டும் பெயரிலேயே விளக்கத்தைத் திணித்தால், விளக்கம் பொய்க்கும் இடத்தில் பெயரும் பொய்த்துவிடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வேறொன்று. சமவெப்பம், மாறாவெப்பம் என்ற ஜோடியைப் பாருங்கள். முதலாவது வெப்பநிலை மாறாதது, இரண்டாவது வெப்பம் போகவர இல்லாதது. ஆனால் சாதாரணத் தமிழில் 'சம' என்றாலும் 'மாறா' என்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். போதாததற்கு இரண்டிலும் வெப்பம் என்ற சொல்தான் இருக்கிறது, வெப்பநிலை இல்லை. கார்னோ சுழற்சியின் நான்கு கட்டங்களும் இந்த இரண்டின் மாற்றி மாற்றி வருகைதான். அதனால் விடைத்தாளில் கோடுகள் இடம் மாறி வந்தன. பள்ளிப் புத்தகம் வெப்பநிலை மாறா, வெப்பப் பரிமாற்றமில்லா என்று நீட்டி எழுதியிருப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். அந்த நீளம்தான் மாணவரைக் காப்பாற்றுகிறது.

முழுத் தமிழ் எங்கே நல்லது? தேர்வு இல்லாத இடத்தில். அறிவியல் இதழில் பொதுவாசகருக்குக் கார்னோவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம். கார்னோவின் கருத்தைச் சொல்ல என்ட்ரோபி என்ற சொல்லே தேவையில்லை என்பது இன்னொரு வசதி. அவரே அது இல்லாமல்தான் சொன்னார்.

## வழி இரண்டு: எல்லாம் ஒலிபெயர்ப்பு

ரிவர்சிபிள் ப்ராசஸ், ஐசோதெர்மல் எக்ஸ்பான்ஷன், ஹீட் சிங்க், தெர்மல் எஃபிஷியன்சி. வகுப்பில் நாம் எல்லாரும் பேசுவது இப்படித்தான். பேசும்போது எந்தச் சிக்கலும் இல்லை. எழுத்தில் வந்ததும்தான் தொல்லை.

ஒரு வாக்கியம்: "ஐசென்ட்ரோபிக் எக்ஸ்பான்ஷனில் வொர்க்கிங் ஃப்ளூயிடின் என்ட்ரோபி கான்ஸ்டன்ட்டாக இருப்பதால் டெம்பரேச்சர் ட்ராப் ஆகிறது." ஆங்கிலம் தெரிந்தவருக்கு இதை ஆங்கிலத்திலேயே படிப்பது வேகம். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு இதில் தமிழ் எங்கே உதவியது? 'இருப்பதால்', 'ஆகிறது', அவ்வளவுதான். கூடவே பௌதிகமும் பிசகியிருக்கிறது. வெப்பநிலை இறங்கியது வெப்பம் வராமலே காற்று வேலை செய்து தன் அக ஆற்றலைச் செலவழித்ததால். என்ட்ரோபி மாறாததால் என்பது காரணமே இல்லை. கடன்சொற்கள் மண்டிய வாக்கியத்தில் இந்த மாதிரித் தவறு திருத்துகிறவர் கண்ணுக்கும் படாமல் போய்விடும், ஏனென்றால் கண் எழுத்துக்கூட்டுவதில் மும்முரமாக இருக்கும்.

மறைமுகச் செலவு எழுத்துக்கூட்டல். ஐசென்ட்ரோபிக், ஐசன்டிரோபிக், ஐசோஎன்ட்ரோபிக் என்று ஒரே பாடத்துக்குள் மூன்று வடிவம் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப்-இல் தேடினால் மூன்றில் ஒன்றுதான் சிக்கும். இன்னொன்று, என்ட்ரோபியும் என்தால்பியும் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நீராவி அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிரல்கள். அவசரத்தில் படிக்கும் கண் மாற்றிப் படிக்கும். எந்த வழியில் எழுதினாலும் இந்த இரண்டு சொற்களுக்கும் பக்கத்தில் s, h என்ற குறியை ஒட்டியே வைத்துவிடுங்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கிறது, நாலு பக்கக் குறிப்பு வேண்டும், படிக்கப்போகிறவர்கள் வகுப்பில் உங்கள் பேச்சைக் கேட்டவர்கள்தான் என்றால் இந்த வழி போதும். எழுத நேரமே ஆகாது. ஆனால் அதைப் பாடநூல் என்று அச்சிட வேண்டாம்.

## வழி மூன்று: ஆங்கிலப் பக்கம், எதிரே தமிழ் விளக்கம்

இடதுபக்கம் ஆங்கிலப் பாடம் அப்படியே, வலதுபக்கம் தமிழில் விளக்கம். பாதிப் பேர் தமிழ்வழி, பாதிப் பேர் ஆங்கிலவழி என்று கலந்திருக்கும் வகுப்பில் இது நன்றாக வேலை செய்கிறது. மாணவர் ஆங்கிலச் சொல்லை மூலவடிவத்திலேயே கண்ணால் பார்த்துவிடுகிறார். கேட் தேர்வுக்குப் போகிறவருக்கு அது லாபம்.

சிக்கல் என்னவென்றால், விளக்கம் மெல்ல மெல்ல இளைக்கும். முதல் மூன்று பக்கம் எதிரெதிரே சமமாக வரும். கார்னோ தேற்றத்தின் நிறுவல் வரும் இடத்தில் தமிழ்ப் பக்கம் நாலு வரியாகச் சுருங்கிவிடும். கடினமான இடத்தில்தானே தமிழ் வேண்டும், அங்கேதான் எழுதுகிறவருக்கும் கை ஓயும். பக்கம் இரட்டிப்பாவதால் அச்சுச் செலவு இரட்டிப்பு என்பதை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஆங்கிலப் பக்கம் திருத்தப்படும்போதெல்லாம் தமிழ்ப் பக்கத்தையும் யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும் என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இன்னொன்று, மூலநூலின் உரிமை. ஆங்கிலப் பக்கத்தை அப்படியே எடுத்துப்போட அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

## வழி நான்கு: பள்ளிச் சொல்லோடு நாலைந்து ஒலிபெயர்ப்பு

நான் இப்போது எழுதுவது இப்படி. விதி ஒன்றுதான்: பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் சொல்லை மாற்றாதே. அங்கே இல்லாததற்கு, பொருள் வெளிப்படையாகத் தெரியும்படி இருக்கும் சொல்லையே கோர்த்துக்கொள். செயற்கையாகச் செதுக்கிய பெயர் என்றால் ஒலிபெயர்த்துவிடு.

அப்படிப் பார்த்தால் மீள் நிகழ்வு, மீளா நிகழ்வு, வெப்ப மூலம், வெப்ப ஏற்பி, செயல்படு பொருள், அக ஆற்றல் எல்லாம் தமிழில் நிற்கும். என்ட்ரோபி, என்தால்பி, டர்பைன், கம்ப்ரஸர் ஒலிபெயர்ப்பில் நிற்கும். குட்டிகளும் சுலபமாகப் பிறக்கின்றன. என்ட்ரோபி உருவாக்கம், என்ட்ரோபி மாறா நிகழ்வு. வெப்பநிலை மாறா, வெப்பப் பரிமாற்றமில்லா, என்ட்ரோபி மாறா என்று மூன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகின்றன. இதனால் ஒரு நல்லதும் நடக்கிறது. 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு மீள் நிகழ்வாகவும் இருந்தால் அது என்ட்ரோபி மாறா நிகழ்வு' என்ற வாக்கியம் தானே தன்னை விளக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. திறன் என்ற சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்றால் பவர், பயனுறுதிறன் என்றால் எஃபிஷியன்சி. பேச்சில் இரண்டையும் 'இந்த இன்ஜின் திறன் அதிகம்' என்று ஒரே வாயில் சொல்லிவிடுவோம். நம் கணக்கில் இயந்திரம் நொடிக்கு ஒரு சுழற்சி ஓடினால் திறன் 600 kW, பயனுறுதிறன் 50 சதவீதம். நொடிக்கு இரண்டு சுழற்சி ஓடவிட்டால் திறன் 1200 kW ஆகும், பயனுறுதிறன் அதே 50. 'திறன் இரட்டிப்பாகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் பயனுறுதிறனையும் சோம்பலில் திறன் என்று சுருக்கினால், 100 சதவீத இயந்திரம் கிடைத்துவிட்டது என்று மாணவர் எழுதுவார். சுருக்காதீர்கள். இலங்கை வாசகர் உண்டென்றால் அங்கே பவருக்கு வலு என்ற சொல் பழக்கம் என்பதையும் முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடலாம்.

செலவு? தொடங்கும் முன்பே சொற்பட்டியல் போட வேண்டும். பன்னிரண்டு பக்கப் பாடத்துக்கு எனக்கு நாற்பது சொல்லுக்குள் அடங்கியது. ஒரு மாலை ஆனது. அந்தப் பட்டியலை எல்லாரும் மதிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். இரண்டு பேர் சேர்ந்து எழுதினால், ஒருவர் சுழற்சி என்பார், இன்னொருவர் சுற்று என்பார். சுற்று என்றால் எலக்ட்ரிக்கல் மாணவருக்கு மின்சுற்று நினைவு வரும், சுழற்சி என்றால் தண்டு சுழல்வது நினைவு வரும். இரண்டுமே முழுதாகத் தூய்மையானதல்ல. பள்ளிச் சொல் சுழற்சி, அதனால் சுழற்சி. விவாதத்தை அங்கே முடித்துவிட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | முழுத் தமிழ் | முழு ஒலிபெயர்ப்பு | எதிரெதிர்ப் பக்கம் | பள்ளிச் சொல் + ஒலிபெயர்ப்பு |
|---|---|---|---|---|
| பள்ளிச் சொல்லோடு தொடர்ச்சி | பாதி | அறுந்துவிடும் | உண்டு | முழுதும் |
| குட்டிச் சொற்கள் | தடுமாறும் | நீளும், எழுத்து பிசகும் | ஆங்கிலத்திலேயே | சுலபம் |
| இரண்டாம் கட்டத்தில் | தவறான படம் | படம் எதுவும் இல்லை | விளக்கத்தைப் பொறுத்தது | விளக்கம் தனியே தேவை |
| அட்டவணை, கேட் தேர்வு | தொலைவு | அருகில் | மிக அருகில் | பட்டியல் இருந்தால் அருகில் |
| மறைமுகச் செலவு | மறுபடி எழுதுவது | தேடல், திருத்தம் | இரட்டைப் பராமரிப்பு, உரிமை | சொற்பட்டியல் ஒழுக்கம் |
| பொருந்தும் இடம் | பொதுவாசகர் | கடைசி வாரக் குறிப்பு | கலப்பு வகுப்பு | தமிழ்வழிப் பாடநூல் |

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியபோதிருந்து இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. பாடநூல் எழுதுகிறவருக்கு என் பரிந்துரை நான்காவது வழி. மற்ற மூன்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதற்கதற்கு ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

## எந்த வழியானாலும் தப்பாத மூன்று இடங்கள்

சொல்லை முடிவுசெய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டாம் வரைவில் வந்த குழப்பங்களில் பாதிக்கு மேல் சொல்லால் வந்தவையே அல்ல. வாக்கியத்தால் வந்தவை. அதனால் சொற்பட்டியலில் மிச்சமாகும் நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

ஒன்று, 'குறைந்தது'. நம் கணக்கில் மூலம் 1200 kJ இழப்பதால் அதன் என்ட்ரோபி 2 kJ/K இறங்குகிறது. இரண்டாம் விதிப்படி மொத்தம் இறங்கக் கூடாது. ஆகவே ஏற்பியின் என்ட்ரோபி 2 kJ/K அல்லது அதற்கு மேல் ஏற வேண்டும். நான் எழுதியது: "ஆகவே வெப்ப ஏற்பியின் என்ட்ரோபி மாற்றம் குறைந்தது 2 kJ/K." ஒரு மாணவி கையைத் தூக்கி, "ஏற்பிக்கு வெப்பம் போகுது, அப்புறம் எப்படி சார் குறைஞ்சது?" என்றாள். அடிமட்டம் 2 என்று நான் சொன்னதை அவள் 2 இறங்கியது என்று படித்திருக்கிறாள். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. குறி தலைகீழாகிவிட்டது. சமனின்மைகள் நிறைந்த இந்தப் பாடத்தில் அந்தச் சொல்லை நான் இப்போது தொடுவதில்லை. '2 kJ/K-க்குக் குறையாமல் ஏறும்' என்று வினையைச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இரண்டு, கெல்வின்–பிளாங்க் கூற்று. ஆங்கிலத்தில் அது ஒரே நீண்ட வாக்கியம். அதை அப்படியே தமிழில் கோர்த்தால் இப்படி வரும்: "சுழற்சியில் இயங்கி ஒரு வெப்ப மூலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வேலையாக மாற்றும் இயந்திரத்தை உருவாக்க முடியாது." படித்தால் பிழையாகத் தோன்றாது. ஆனால் இதன்படி நம் கார்னோ இயந்திரமே இருக்க முடியாது. அதுவும் சுழற்சியில்தான் ஓடுகிறது, ஒரு மூலத்திலிருந்துதான் எடுக்கிறது. 'ஒரு' என்பதில் 'அது மட்டும்' என்ற அழுத்தம் விழுந்துவிட்டது, 'முழுவதையும்' என்பதும் காணாமல் போயிற்று. சரி, சுழற்சி என்பதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால்? அதுவும் பொய். முதல் கட்டத்தில் காற்று 1200 kJ வெப்பத்தை எடுத்து 1200 kJ வேலையும் செய்கிறது, மிச்சமே இல்லாமல். ஒருமுறை விரிவதில் அது நடக்கும். திரும்பிவந்து மறுபடி மறுபடி செய்வதில்தான் நடக்காது. ஆக, இந்தக் கூற்றில் எந்தச் சொல்லையும் விட முடியாது, ஒரே மூச்சில் சொல்லவும் முடியாது. நான் உடைத்தே எழுதுகிறேன்:

"ஒரு இயந்திரம் சுழற்சியில் இயங்குகிறது. ஒரே ஒரு வெப்ப மூலத்தோடு மட்டும் அது வெப்பம் பரிமாறுகிறது. எடுத்த வெப்பம் முழுவதையும் வேலையாக்குகிறது. வேறெங்கும் எந்த மாற்றத்தையும் விட்டுவைப்பதில்லை. இந்த நான்கும் ஒருங்கே பொருந்தும் இயந்திரத்தை உருவாக்க முடியாது."

மூன்று, அகராதியைத் திறந்து எடுத்த பொருள். வெளியேற்றிய வெப்பத்தை 'நிராகரிக்கப்பட்ட வெப்பம்' என்று எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். மனு போட்டு நிராகரித்தார்களா என்ன? இதைவிட ஆபத்தானது, செயல்படு பொருளைச் 'செயல்படு திரவம்' என்று எழுதுவது. வாயுவையும் திரவத்தையும் சேர்த்துச் சொல்ல பாய்மம் என்ற சொல் இருக்கிறது. திரவம் என்று போட்டுவிட்டு அதன் மேல் γ 1.4 என்ற காற்றின் எண்ணைப் போட்டால், கவனமான மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். கவனமில்லாதவர் தாண்டிப் போய்விடுவார், அதுதான் மோசம். வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் பேச்சில் சூடு என்ற ஒரே சொல்தான். அதனால் பாடம் முழுக்க 'சூடு' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் பாடத்தை மட்டும் கொடுத்து, மூன்று கேள்விகளுக்கு எண்ணில் விடை கேட்பேன். முதலாவது, கார்னோவின் இரண்டாம் கட்டத்தில் என்ட்ரோபி எவ்வளவு மாறுகிறது. பூஜ்யம் வரவில்லை என்றால் என்ட்ரோபியை அறிமுகம் செய்த பத்தியில் குறை.

இரண்டாவது, மூலம் 327 °C, ஏற்பி 27 °C என்று கொடுத்துப் பயனுறுதிறன் கேட்பது. இது நம் 600 K, 300 K-தான், 50 சதவீதம் வர வேண்டும். 92 சதவீதம் என்று வந்தால் செல்சியஸை அப்படியே வகுத்திருக்கிறார், தனிவெப்பநிலை என்ற சொல் அவர் மனதில் நிற்கவில்லை. வாய்ப்பாடு வரும் வரியிலேயே கெல்வின் என்று எழுதாமல் மூன்று பக்கம் முன்னால் எழுதியிருப்போம்.

மூன்றாவது, உண்மையான இயந்திரம் ஒன்று. அதே மூலம், அதே ஏற்பி, அதே 1200 kJ, ஆனால் வேலை 420 kJ மட்டும். அப்படியானால் 780 kJ ஏற்பிக்குப் போகிறது. ஏற்பியின் என்ட்ரோபி 780/300 = 2.6 kJ/K ஏறுகிறது, மூலத்தில் 2 இறங்கியது, உருவான என்ட்ரோபி 0.6 kJ/K. இதை 300 K-ஆல் பெருக்கினால் 180 kJ. கார்னோ இயந்திரம் தந்திருக்கக்கூடிய 600-க்கும் கிடைத்த 420-க்கும் உள்ள இடைவெளி சரியாக அதேதான். இந்த 180 வந்துவிட்டால் பாடத்தை அச்சுக்கு அனுப்புவேன். என் முதல் வரைவைப் படித்தவர் இந்தக் கேள்விக்கு எழுதிய விடை "சிதறம் 0.6 குறைந்தது". அந்த மூன்றே சொல்லைப் பார்த்த பிறகுதான் அதைத் தூக்கிப் போட்டேன்.